தொகுப்பு வீடியோவுக்குத் தலைப்பும் விவரமும்: காட்சிக்கு உரியவர் பெயர் விடுபடாமல், பழைய தலைப்பு திரும்ப வராமல்

'பெஸ்ட் ஆஃப்' தொகுப்பு ஒன்றை வெட்டி ஒட்டி முடித்தபின், தலைப்புக்கும் விவரப் பெட்டிக்கும் பெரும்பாலோர் ஒதுக்குவது அப்லோடு ஓடி முடியும் வரையிலான நேரம்தான். முதல் வீடியோவில் அது தெரியாது. மூன்றாவது தொகுப்பில் பல்லிளித்துவிடும். 'சிறந்த 5 காட்சிகள்', 'சிறந்த 10 காட்சிகள்', 'சிறந்த காட்சிகள் பாகம் 3' என்று சேனல் பக்கத்தில் மூன்றும் ஒரே முகத்தோடு நிற்கும். எந்தக் காட்சி யாருடையது என்று கேட்டால், போட்டவருக்கே நினைவிருக்காது.

இதை ஓர் உண்மையான எடுத்துக்காட்டோடு பார்ப்போம். யூடியூபில் தமிழில் விண்வெளி பற்றிப் பேசும் சிறிய சேனல், விளம்பர வருமானம் இன்னும் இல்லை. ஏற்கெனவே போட்டவை இரண்டு: 'விண்கலங்கள் தரையிறங்கிய சிறந்த 5 காட்சிகள்', 'விண்கலங்கள் தரையிறங்கிய சிறந்த 10 காட்சிகள் | பாகம் 2'. இப்போது மூன்றாவது தொகுப்பு.

முதலில் ஒரு கணக்கேடு

வெட்டத் தொடங்கும் முன்பே ஒரு ஷீட் திறந்துகொள்ளுங்கள். ஒரு தாளில் பழைய தலைப்புகள், இன்னொரு தாளில் காட்சிகள். காட்சித் தாளில் ஒரு வரிக்கு ஒரு காட்சி: என்ன காட்சி, உரியவர் எப்படிப் பெயர் போடச் சொல்கிறார், மூலப் பக்கத்தின் முகவரி, உரிமம், மூலத்தில் எந்த நொடியிலிருந்து எடுத்தோம், நாம் என்ன மாற்றினோம், எந்தத் தொகுப்பில் வந்தது. கோப்பை இறக்கும் அந்த நிமிடத்திலேயே இந்த வரியை நிரப்ப வேண்டும். 'clip_final_2.mp4' என்ற கோப்பை வைத்துக்கொண்டு ஒரு வாரம் கழித்து மூலத்தைத் தேடுவது வெட்டி வேலை.

பழைய தலைப்புகளை யூடியூப் ஸ்டுடியோவில் பார்த்துக் கையால் எழுதிக்கொள்ளலாம். நூற்றுக்கணக்கில் இருந்தால் yt-dlp என்ற இலவச நிரல் ஒரே வரியில் பட்டியலைத் தந்துவிடும்:

```
yt-dlp --flat-playlist --print "%(title)s" "https://www.youtube.com/@your_handle/videos" > titles.txt
```

காட்சி யாருடையது என்று உறுதி செய்தல்

நேரம் எடுக்கும் பகுதி இதுதான். நம் மூன்றாவது தொகுப்புக்கு ஐந்து காட்சிகள் எடுத்து வைத்திருக்கிறோம். 2005 ஜனவரி 14இல் சனிக் கோளின் டைட்டன் நிலாவில் ஹைகன்ஸ் இறங்கியது. 2012 ஆகஸ்டில் கியூரியாசிட்டி செவ்வாயில் இறங்கியது. 2020 அக்டோபர் 20இல் ஒசைரிஸ்-ரெக்ஸ் பென்னு என்ற சிறுகோளைத் தொட்டு மண் அள்ளியது. 2021 பிப்ரவரி 18இல் பெர்சவரன்ஸ் செவ்வாயில் இறங்கியது. அதே ஆண்டு ஏப்ரல் 19இல் இன்ஜெனுவிட்டி என்ற குட்டி ஹெலிகாப்டர் அங்கே முதன்முதலாகப் பறந்தது.

நாசா வெளியிடும் படங்களுக்கும் வீடியோக்களுக்கும் பொதுவாகக் காப்புரிமை கிடையாது. நாசா பெயரைப் போடச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் 'நாசா' என்று மட்டும் போட்டு நிறுத்துவது சோம்பேறித்தனம். ஒவ்வொரு காட்சியின் பக்கத்திலும் பெயர் வரி தனித்தனியாக இருக்கும். கியூரியாசிட்டி இறங்கியதற்கு NASA/JPL-Caltech/MSSS, ஒசைரிஸ்-ரெக்ஸுக்கு NASA/Goddard/University of Arizona, இன்ஜெனுவிட்டி பறந்ததற்கு NASA/JPL-Caltech/ASU/MSSS. கேமராவைக் கட்டியவர்களும் இயக்கியவர்களும் அந்தச் சாய்கோடுகளுக்கு நடுவில்தான் இருக்கிறார்கள். அந்த வரியை எழுத்து மாறாமல் அப்படியே நகலெடுங்கள். தமிழில் எழுதினால் தேடிப் பார்ப்பவருக்குக் கிடைக்காது.

நாசா காட்சியிலும் ஒரு கண்ணி உண்டு. அவர்கள் தொகுத்துப் போடும் வீடியோக்கள் பலவற்றில் பின்னணி இசை வெளியாரிடம் உரிமம் வாங்கியது. அந்த இசையோடு காட்சியை எடுத்தால், படத்துக்கு வராத காப்புரிமைக் கோரிக்கை இசைக்கு வரும். ஒலியை நீக்குங்கள், அல்லது images.nasa.gov தளத்தில் இசை சேர்க்காத கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஹைகன்ஸ் கொஞ்சம் சிக்கல். அது ஐரோப்பிய விண்வெளி முகமையான ஈசாவின் கலம். ஈசா எல்லாவற்றையும் ஒரே உரிமத்தில் விடுவதில்லை. சிலவற்றுக்கு CC BY-SA 3.0 IGO என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம், அதாவது பெயர் போட்டு மறுபடி பயன்படுத்தலாம். மற்றவை கல்விக்கும் தகவலுக்கும் பயன்படுத்தலாம், வணிகத்துக்கு என்றால் அனுமதி கேட்கவேண்டும் என்ற நிபந்தனையோடு வரும். அதனால் அந்தக் குறிப்பிட்ட காட்சியின் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவேண்டும். நம் எடுத்துக்காட்டுச் சேனலுக்கு வருமானம் இல்லை, எனவே இருக்கட்டும். வருமானம் உள்ள சேனல் என்றால், எழுதிக் கேட்காமல் இதை நான் சேர்க்கமாட்டேன். SA என்று முடியும் உரிமத்தில் இன்னொரு தொல்லை: காட்சியை மாற்றிச் சேர்த்தால் உங்கள் ஆக்கத்தையும் அதே உரிமத்தில் விடவேண்டும். யூடியூபின் உரிமப் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுக்கவே இடமில்லை, விவரத்தில்தான் எழுதவேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த வகைக் காட்சிகளை விட்டுவிடலாம்.

சந்திரயான்-3 எங்கே என்று பார்ப்பவர்கள் கட்டாயம் கேட்பார்கள். 2023 ஆகஸ்ட் 23இல் இறங்குவதற்குச் சற்றுமுன் விக்ரம் கலத்தின் கேமரா எடுத்ததை இஸ்ரோ வெளியிட்டது, பொருத்தமான காட்சிதான். ஆனால் நாசா விதியை இஸ்ரோவுக்குப் பொருத்திப் பார்க்கக்கூடாது. 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி இந்திய அரசின் படைப்புகளுக்கு 60 ஆண்டுகள் உரிமை உண்டு. அனுமதி வந்தால் அடுத்த தொகுப்பில் சேர்க்கலாம், அதுவரை கணக்கேட்டில் 'கேட்டிருக்கிறோம்' என்ற குறிப்போடு இருக்கட்டும். பெயர் போட்டுவிட்டால் அனுமதி தேவையில்லை என்று நினைப்பவர்கள் ஏராளம். 'காப்புரிமை உரியவருக்கே' என்று விவரத்தில் எழுதினால், உரியவர் நீக்கச் சொல்லும்போது அந்த வரி எதற்கும் உதவாது.

அப்புறம், கைமாறி வந்த காட்சிகள். கியூரியாசிட்டி இறங்கும்போது அதன் கேமரா நொடிக்குச் சுமார் 4 படம்தான் எடுத்தது. மூலத்தில் காட்சி வெட்டி வெட்டித்தான் ஓடும். இணையத்தில் அதே காட்சி வழுவழுவென்று ஓடினால், ஆர்வலர் ஒருவர் இடைப்படங்களைத் தாமே உருவாக்கிச் சேர்த்திருக்கிறார் என்று பொருள். அடிப்படைப் படம் நாசாவுடையது, இடையில் உள்ளவை அவருடைய உழைப்பு. அதை எடுத்துக்கொண்டு நாசா பெயரை மட்டும் போடுவது தவறு. அவரிடம் கேளுங்கள், இல்லாவிட்டால் மூலத்தையே எடுங்கள்.

தனியார் சேனலின் வீடியோவில் மறுபயன்பாட்டுக்கு அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்று காட்டினாலும், போட்டவர்தான் அதை எடுத்தவரா என்று ஒருமுறை பாருங்கள். டிவி சேனலின் லோகோ மூலையில் தெரிகிற வீடியோவுக்கு யாரோ ஒருவர் அந்த உரிமத்தைத் தேர்ந்தெடுத்திருப்பார். அவரிடம் இல்லாத உரிமையை அவரால் தரமுடியாது. உரிம வரி தெரியும்படி தேதியோடு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தலைப்பு: பழையது திரும்பாமல்

பழைய தலைப்பைத் தவிர்ப்பது என்றால் 'சிறந்த' என்பதை 'அசத்தலான' என்று மாற்றுவது இல்லை. பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இந்தத் தொகுப்பின் காட்சிகளுக்குப் பொதுவாக இருப்பது என்ன, அது முந்தைய இரண்டிலும் இல்லாததா? தலைப்பு அங்கிருந்துதான் வரவேண்டும்.

நம் ஐந்தில் நான்கு காட்சிகளுக்கு ஓர் ஒற்றுமை உண்டு: இறங்கும் கலமே கீழே பார்த்து எடுத்தவை. ஐந்தாவது, இன்ஜெனுவிட்டி பறந்தது, தள்ளி நின்ற பெர்சவரன்ஸ் எடுத்தது. அருமையான காட்சி, முதல் பறத்தல் 39 நொடிதான். ஆனாலும் இந்தத் தொகுப்பில் அதற்கு இடமில்லை. எடுத்துவிட்டேன். அதை வைத்திருந்தால் தலைப்பு மறுபடி 'சிறந்த 5 காட்சிகள்' என்ற பொதுவான இடத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

'தரையிறங்கிய' என்ற சொல்லும் வேண்டாம். பழைய தலைப்புகள் இரண்டிலும் அது இருக்கிறது என்பது ஒரு காரணம். ஒசைரிஸ்-ரெக்ஸ் பென்னுவில் தரையிறங்கவே இல்லை, சில நொடிகள் தொட்டுவிட்டு மேலே போய்விட்டது என்பது இன்னொரு காரணம். 'இறங்கும்' என்றால் நான்குக்கும் பொருந்தும். இப்படி வந்தது:

```
டைட்டன், பென்னு, செவ்வாய்: இறங்கும் கலத்தின் கேமரா கண்டது | தேர்ந்த 4 காட்சிகள்
```

இடப் பெயர்கள் முன்னால் வருவது வேண்டுமென்றே செய்தது. கைப்பேசியில் நீளமான தலைப்பின் வால் வெட்டுப்படும். வேறுபடுத்தும் சொல் முதலிலும், எல்லாத் தொகுப்புக்கும் பொதுவான சொல் கடைசியிலும் இருந்தால், வெட்டுப்பட்ட பிறகும் மூன்று வீடியோக்களும் வெவ்வேறாகத் தெரியும். 'பாகம் 3' தேவையில்லை. முதல் இரண்டைப் பார்க்காதவரை அது தயங்க வைக்கும்.

தலைப்புக்கு வரம்பு 100 குறி. தமிழில் இது எதிர்பார்ப்பதைவிடச் சீக்கிரம் தீரும், ஏனென்றால் கணினி எண்ணுவது எழுத்தை அல்ல, குறியீட்டை. 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. மேலே உள்ள தலைப்பு அந்தக் கணக்கில் 79 வரும். நிலைக்குத்துக் கோட்டுக்கு முந்தைய பகுதி மட்டும் 57. சிறியது, பெரியது என்னும் கோணக் குறிகளை யூடியூப் தலைப்பிலும் ஏற்காது, விவரத்திலும் ஏற்காது.

இப்போது சரிபார்ப்பு. பழைய தலைப்புகள் B பத்தியில் இருந்தால்:

```
=COUNTIF(B:B,"*தரையிற*")
```

முழுச் சொல்லைத் தேடாமல் 'தரையிற' என்ற அடியைத் தேடுவதால் தரையிறங்கிய, தரையிறக்கம் இரண்டும் அகப்படும். நம் தாளில் விடை 2. அந்தச் சொல்லை விட்டது சரிதான் என்று தெரிகிறது. 'பென்னு', 'டைட்டன்', 'கேமரா' மூன்றுக்கும் விடை 0 வந்தது. 'காட்சிகள்' 2 வரும், அது பொதுச்சொல், இருக்கட்டும்.

இதில் ஒரு நுணுக்கம். 'தொகுப்பு' என்ற சொல்லின் 'தொ' இரண்டு விதமாகப் பதிவாகியிருக்கலாம்: ஒகரக் குறி ஒரே குறியீடாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் துளி வித்தியாசமும் தெரியாது, ஆனால் தேடல் ஒன்றைக் காட்டி மற்றதை விட்டுவிடும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரைகளில் இது அடிக்கடி நிகழும். ஒ, ஓ, ஔ வரும் எழுத்தைத் தவிர்த்து 'குப்பு' என்ற துண்டை மட்டும் தேடினால் இரண்டும் மாட்டும்.

விவரப் பெட்டி

முதல் இரண்டு வரி மட்டும்தான் விரிக்காமல் தெரியும். 'வணக்கம் நண்பர்களே' என்பதை அங்கே செலவழிக்காமல், உள்ளே என்ன இருக்கிறது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அடுத்து நேரப் பட்டியல்:

```
டைட்டன், பென்னு, செவ்வாய்: இறங்கிய கலங்களே கீழே பார்த்து எடுத்த 4 காட்சிகள்.
ஹைகன்ஸ் காட்சி, தனிப் படங்களைக் கோத்து உருவாக்கியது.

0:00 முன்னுரை
0:25 ஹைகன்ஸ், டைட்டன், 2005
2:05 கியூரியாசிட்டி, செவ்வாய், 2012
4:10 ஒசைரிஸ்-ரெக்ஸ், பென்னு, 2020
5:30 பெர்சவரன்ஸ், செவ்வாய், 2021
```

இந்தப் பட்டியலை யூடியூப் அத்தியாயங்களாக மாற்ற வேண்டுமானால் முதல் நேரம் 0:00 ஆக இருக்கவேண்டும், குறைந்தது மூன்று நேரங்கள் ஏறுவரிசையில் இருக்கவேண்டும், ஒவ்வொரு பகுதியும் 10 நொடியாவது ஓடவேண்டும். நேரத்துக்குப் பக்கத்தில் அதே வரியில் இருப்பதுதான் அத்தியாயத் தலைப்பாகும். அதனால் இணைப்பையும் உரியவர் பெயரையும் அந்த வரியில் நுழைக்காமல், கீழே தனிப் பட்டியலாகக் கொடுங்கள்:

```
மூலக் காட்சிகள்

காட்சி 2: கியூரியாசிட்டி இறங்குதல், ஆகஸ்ட் 2012
உரியவர்: NASA/JPL-Caltech/MSSS
மூலம்: https://youtu.be/VIDEO_ID?t=72
உரிமம்: நாசா ஊடகப் பயன்பாட்டு விதிகள்
மாற்றம்: நீளம் குறைத்தோம், ஒலி நீக்கினோம், தமிழ் வரிகள் சேர்த்தோம்
```

VIDEO_ID என்ற இடத்தில் மூல வீடியோவின் 11 குறி அடையாளம் வரும். கடைசியில் உள்ள t=72, மூலத்தில் 72ஆம் நொடியில் திறக்கும். இதை 'மூலத்தில் 1:12 முதல்' என்று எழுதிவிடாதீர்கள். நடுவில் முக்காற்புள்ளி வரும் எந்த எண்ணையும் யூடியூப் உங்கள் வீடியோவின் நேரம் என்றே எடுத்துக்கொள்ளும். 5:30க்குக் கீழே ஒரு 1:12 வந்தால் ஏறுவரிசை குலைந்து, அத்தியாயங்கள் மொத்தமாகக் காணாமல் போகலாம். கலம் இறங்கிய மணியை எழுதும்போதும் இதே கதைதான்; '5:17' என்று எழுதாமல் 'காலை 5.17' என்று எழுதுங்கள். இரண்டாவது பட்டியலில் நேரத்துக்குப் பதில் காட்சி எண் போட்டிருப்பதும் இதனால்தான்.

'மாற்றம்' என்ற வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். CC BY போன்ற உரிமங்களில் காட்சியை மாற்றியிருந்தால் மாற்றினோம் என்று சொல்வதும் நிபந்தனைதான். ND என்று முடியும் உரிமம் என்றால் மாற்றிய காட்சியை வெளியிடவே முடியாது. நாசா காட்சிக்கு இந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் பெர்சவரன்ஸ் காட்சியில் கேட்பது கட்டுப்பாட்டு அறையின் குரல், செவ்வாயின் ஒலி இல்லை. அதை நீக்கி நீங்கள் இரைச்சல் ஒலி சேர்த்திருந்தால், சொல்லாவிட்டால் பார்ப்பவர் அதைச் செவ்வாய்க் காற்று என்றே நம்பிவிடுவார்.

நான்கு காட்சிக்கு இந்த விவரம் தாராளமாக அடங்கும். இருபது காட்சித் தொகுப்பு என்றால் இடம் போதாது. யூடியூபின் ஏபிஐ ஆவணம் விவரத்துக்கு வரம்பு 5000 பைட் என்கிறது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட் பிடிக்கும், எனவே முழுவதும் தமிழ் என்றால் சுமார் 1666 குறியோடு முடிந்துவிடும். அப்போது வெட்டவேண்டியது ஹேஷ்டேக்கையும் சமூக வலைதள இணைப்புகளையும்தான். உரியவர் வரியைத் தொடாதீர்கள். அதற்கும் மேல் போனால், முழுப் பட்டியலை எல்லாரும் திறக்கக்கூடிய ஒரு பக்கத்தில் வைத்து, அதன் இணைப்பை விவரத்தின் மேல் பகுதியிலேயே கொடுங்கள்.

கடைசியில் ஒரு வரி: முந்தைய இரண்டு தொகுப்புகளின் இணைப்பும், அவற்றிலிருந்து எந்தக் காட்சி இதில் மீண்டும் வந்திருக்கிறது என்பதும். கணக்கேட்டைப் பார்த்தால், கியூரியாசிட்டி காட்சி முதல் தொகுப்பிலேயே சின்னதாக வந்திருக்கிறது. 'காட்சி 2இன் ஒரு பகுதி முதல் தொகுப்பில் வந்தது. இங்கே முழுமையாக' என்று எழுதிவிட்டால், 'இது பழசுதானே' என்ற கமெண்ட்டுக்கு வேலையில்லை.

விவரப் பெட்டியைத் திறக்காதவர்கள்தான் அதிகம். வீடியோ வேறு தளத்தில் ஓடும்போது பெட்டியே தெரியாது. எனவே ஒவ்வொரு காட்சியும் தொடங்கும்போது அதே உரியவர் வரியைத் திரையின் கீழ் மூலையில் 5 நொடி காட்டுங்கள். எழுத்து வேறுபடாமல் இருக்க, இரண்டையும் கணக்கேட்டிலிருந்தே நகலெடுங்கள்.

வெளியிடும் முன்னும் பின்னும்

வீடியோவை 'பட்டியலிடாதது' என்ற நிலையில் ஏற்றி, கணக்கில் நுழையாத உலாவியில் திறந்து பாருங்கள். அத்தியாயக் கோடுகள் வந்திருக்கின்றனவா? ஒவ்வொரு மூல இணைப்பும் சரியான நொடியில் திறக்கிறதா? கைப்பேசியில் தலைப்பு எங்கே வெட்டுப்படுகிறது? காப்புரிமைச் சோதனையில் ஏதாவது மஞ்சளாக நிற்கிறதா? இசை மாட்டியிருந்தால் இந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும். ஒலியை மாற்றிவிட்டு மறுபடி ஏற்றலாம்.

வெளியிட்டபின் தலைப்பை மாற்றினால், பழையதை அழிக்காமல் புதியதைக் கணக்கேட்டில் தனி வரியாகச் சேருங்கள். ஒருமுறை பயன்படுத்திய தலைப்பு, பார்த்தவர் நினைவில் பயன்படுத்தியதுதான். மூல இணைப்பு எப்போதாவது செத்துவிட்டால் வரியை நீக்கவேண்டாம். உரியவர் பெயரையும் காட்சியின் பெயரையும் விட்டுவைத்து, 'மூலப் பக்கம் இப்போது இல்லை' என்று எழுதி, புதிய முகவரி கிடைத்தால் மாற்றுங்கள். உரியவரே எழுதி, பெயரை வேறு விதமாகப் போடச் சொன்னால் அன்றே மாற்றிவிடுங்கள். காட்சியை எடுத்துவிடச் சொன்னால், ஸ்டுடியோவின் எடிட்டரில் அந்தப் பகுதியை மட்டும் வெட்டலாம், வீடியோவை நீக்கி மறுபடி ஏற்ற வேண்டியதில்லை. ஆனால் வெட்டிய பிறகு கீழே உள்ள நேரங்கள் எல்லாம் நகர்ந்திருக்கும், தலைப்பில் உள்ள 4ஐயும் 3 ஆக்கவேண்டும்.